டம்ளர் மாறலாம், திசை மாறக் கூடாது

"போன ஷாட்டில் காபி பாதிதானே இருந்தது, இப்போ எப்படி நிறைந்தது?" என்று சினிமாவில் தவறு கண்டுபிடிப்பவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உண்டு. அந்தத் தவறை நான் மன்னித்துவிடுவேன். இருவர் பேசும் காட்சியில் அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது.

அப்பாவும் மகளும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். திரையில் அப்பா இடப்பக்கம், மகள் வலப்பக்கம். இருவர் மூக்குக்கும் நடுவே ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில், அரைவட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். 180 டிகிரி விதி என்பது இதுதான். இப்படி எடுத்தால், தனியாகக் காட்டும்போதும் அப்பா வலப்பக்கம் பார்ப்பார், மகள் இடப்பக்கம் பார்ப்பாள். ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்று நமக்குப் புரியும்.

மகளின் முகத்தை மட்டும் கோட்டைத் தாண்டிப் போய் எடுத்தால், அவளும் வலப்பக்கமே பார்ப்பாள். இரண்டு ஷாட்டையும் அடுத்தடுத்து ஒட்டினால், இருவரும் ஓரத்தில் நிற்கும் மூன்றாவது ஆளிடம் பேசுவது போல் இருக்கும். எடிட்டிங்கில் படத்தைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பிச் சமாளிக்கலாம் என்றால், தலை வகிடு பக்கம் மாறும், சுவரிலுள்ள எழுத்து இடவலம் மாறித் தெரியும்.

காபித் தவறு வருவதற்குக் காரணம் வேறு. ஒருவர் பக்கத்து ஷாட்களை எல்லாம் முடித்துவிட்டு, விளக்குகளை மாற்றி வைத்து, பிறகுதான் மற்றவர் பக்கம் எடுப்பார்கள். எந்த வார்த்தையில் ஒரு வாய் குடித்தோம் என்பது அதற்குள் நடிகருக்கு மறந்துவிடும். எடிட்டரோ நடிப்பு நன்றாக வந்த ஷாட்டைத்தான் எடுப்பார். அது சரிதான்.

புகழ்பெற்ற எடிட்டர் வால்டர் மர்ச், ஒரு வெட்டு நன்றாக அமைய எது எவ்வளவு முக்கியம் என்று மதிப்பெண் போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51. இந்தக் கோடு சம்பந்தப்பட்டதற்கு வெறும் 5. அறைக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற தொடர்ச்சிக்கு 4. முதல் எண்ணை ஒப்புக்கொள்கிறேன். அந்த 5 மட்டும் எனக்குப் போதவில்லை. யார் யாரைப் பார்த்து அழுகிறார்கள் என்று தெரியாவிட்டால், அந்த 51-ம் நம்மிடம் வந்து சேராதே!

கோட்டைத் தாண்டவே கூடாதா? தாண்டலாம், நம் கண்ணெதிரே தாண்ட வேண்டும். ஒரே ஷாட்டில் கேமரா நகர்ந்து மறுபக்கம் போனாலோ, மகள் எழுந்து அந்தப் பக்கம் நடந்தாலோ நமக்குக் குழப்பம் வராது.

1980-ல் வந்த 'தி ஷைனிங்' படத்தில், சிவப்புக் கழிவறையில் ஜாக்கும் பணியாள் கிரேடியும் பேசும்போது, ஸ்டான்லி குப்ரிக் ஒரே வெட்டில் மறுபக்கம் தாவுகிறார். இருவரும் இடம் மாறிக்கொண்டது போல ஒரு கணம் தலை சுற்றும். அந்த ஓட்டலின் காவலாளி அவரா இவரா என்பதுதான் அங்கே பேச்சே. அதனால் அந்தத் தலைசுற்றல் பொருந்துகிறது. அப்பாவும் மகளும் காபி குடிக்கும் காட்சியில் அது எதற்கு?