கூடுதல் வட்டியும் 5 லட்ச ரூபாய் வரம்பும்: எங்கள் நிலைப்பாடு

எங்கள் ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் தறி ஓட்டிச் சேர்த்த பணமோ, கும்மிடிப்பூண்டி கம்பெனியிலிருந்து வந்த செட்டில்மென்ட் தொகையோ கைக்கு வந்ததும் முதலில் விசாரிப்பது வட்டியைத்தான். ஆனால் எங்கே போட்டாலும் அந்தப் பணத்துக்குக் காப்பீடு உண்டா, எவ்வளவு வரை உண்டு என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூட மாற்றக் கூடாது என்பதே எங்கள் குழுவின் நிலைப்பாடு.

ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டிஐசிஜிசி, 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு தருகிறது. அதே வங்கியின் வேறு கிளையில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். 4,80,000 ரூபாயை 8 சதவீதத்துக்குப் போட்டால் ஆண்டு முடிவில் 5,18,400 ஆகும். அதில் 18,400 வரம்புக்கு வெளியே நிற்கும். கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, இருவர் பெயரில் கூட்டாக ஒன்று என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு. வங்கியில் கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள்.

பிரித்து வைத்திருந்த 7 லட்சத்தை ஒரு சதவீதம் கூடுதல் வட்டிக்காக ஒரே வங்கிக்கு மாற்றுபவருக்கு ஆண்டுக்கு 7,000 ரூபாய் அதிகம் கிடைக்கும். அதற்காக 2 லட்சத்தைக் காப்பீடில்லாமல் விடுகிறார். அது போனால் ஈடுகட்ட அந்த 7,000 ரூபாய் 28 ஆண்டுகளுக்கு மேல் வர வேண்டும். மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கிக்கு 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டபோது, ஆறு மாதத்துக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். அந்த வங்கி 2022 ஜனவரியில் யூனிட்டி சிறு நிதி வங்கியுடன் இணைந்தது. பெரிய தொகை வைத்திருந்தவர்களுக்குக் கடைசித் தவணை பத்து ஆண்டு கழித்துத்தான். 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இப்படி முடக்கப்படும் வங்கியில் காப்பீட்டுத் தொகையைப் பொதுவாக 90 நாளில் தர வேண்டும். 5 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு அந்தக் கெடு கிடையாது.

எங்களுக்குப் பெரிய கவலை வேறு. மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, நகர கூட்டுறவு வங்கி, சிறு நிதி வங்கி ஆகியவை காப்பீட்டுக்குள் வரும். ஊரில் 'சொசைட்டி பேங்க்' என்று சொல்லப்படும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வராது. நிதி கம்பெனியும் சிட்பண்டும் வராது. பேங்க் என்ற பெயரை வைத்துக்கொண்டு வைப்புத்தொகை வாங்கும் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. பயிர்க்கடனும் நகைக்கடனும் தரும் சங்கங்களைக் குறை சொல்வதல்ல எங்கள் நோக்கம். அங்கே போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு இல்லை என்பதைத்தான் சொல்கிறோம்.

சரிபார்க்க dicgc.org.in தளத்தில் காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியலைத் திறந்து, பாஸ்புக்கில் உள்ள முழுப் பெயரையும் ஒப்பிடுங்கள். பெயர்ப்பலகையை மட்டும் நம்ப வேண்டாம். காப்பீட்டுக் கட்டணத்தை வங்கியே கட்டுகிறது. அதற்கென்று உங்களிடம் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வைப்புத்தொகை வாங்கும் ஒவ்வொரு சங்கமும் ரசீதிலும், கவுண்டரில் தொங்கும் வட்டி விகிதப் பலகையில் அதே அளவு எழுத்திலும், 'இந்த வைப்புக்கு டிஐசிஜிசி காப்பீடு இல்லை' என்று தமிழில் அச்சிட வேண்டும் எனக் கூட்டுறவுத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.