ஐஸ் பாரை எண்ணி வாங்காதீர்கள், எடை போட்டு வாங்குங்கள்

பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு பிடித்து வெளியூருக்கு அனுப்புகிறீர்கள். மீனை எடை போட்டு விற்கிறீர்கள். ஆனால் ஐஸை மட்டும் 'நாலு பார்' என்று எண்ணித்தான் வாங்குகிறீர்கள். ஒரு பார் 50 கிலோ என்பது பேச்சு வழக்கு. அது உண்மையா என்று டேப் வைத்து அளந்து பார்க்கலாம்.

அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காக, பார் ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகியும் இருக்கும். அதனால் இரு முனைகளையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். நீளம் 100 செ.மீ., சராசரி அகலம் 36, கனம் 14 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 50.4 லிட்டர். ஆனால் ஒரு லிட்டர் ஐஸ் ஒரு கிலோ இல்லை, சுமார் 920 கிராம்தான். எனவே அந்தப் பார் 46 கிலோ.

இதைவிடப் பெரிய இழப்பு நடுவில் இருக்கிறது. பாரின் நடுப்பகுதி கடைசியாகத்தான் உறையும். கிராக்கி உள்ள நாளில் அவசரமாக எடுத்தால் உள்ளே தண்ணீர் நிற்கும். உடைத்ததும் அது வடிந்து, குழிதான் மிஞ்சும். அதில் 6 கிலோ போனால் கையில் இருப்பது 40 கிலோ.

பத்து கிலோதானே என்று விட்டுவிட முடியாது. 30 டிகிரியில் உள்ள 200 கிலோ மீனைப் பூஜ்ஜியத்துக்குக் குளிர்விக்க மட்டுமே சுமார் 60 கிலோ ஐஸ் உருகிவிடும். மிச்சம்தான் வழியில் வெப்பத்தைத் தாங்கும். நாலு பாரும் முழு எடை என்றால் மிச்சம் 140 கிலோ. பார் 40 கிலோ என்றால் மிச்சம் 100 கிலோதான். பெட்டிக்குள் மணிக்கு 10 கிலோ உருகினால், 14 மணி நேரம் தாங்க வேண்டிய மீன் 10 மணி நேரமே தாங்கும். குறைந்த எடை முழுவதும் பயணத்தின் கடைசி நேரத்தில்தான் தெரியும். அப்போது வண்டி சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

பெட்டி வாங்கும்போதும் இதே தவறு நடக்கிறது. 500 லிட்டர் பெட்டியில் 500 கிலோ மீன் பிடிக்கும் என்று நினைக்கிறோம். நொறுக்கிய ஐஸ் கிலோவுக்குச் சுமார் 1.4 லிட்டர் இடம் கேட்கும். 200 கிலோ ஐஸ் போட்டால் அதுவே 280 லிட்டர். மீதி இடத்தில் 200 கிலோ மீன்தான் அடங்கும். அதற்கு மேல் அடைத்தால் ஐஸைத்தான் குறைக்க நேரும்.

ஐஸ் ஆலை வாசலில் தராசு வைத்து, கிலோ கணக்கில் விலை போட வேண்டும் என்பதே என் கருத்து. மீன் ஏற்றும் இடத்தில் தராசு இருக்கத்தானே செய்கிறது. விரிவாக்கப் பணியாளர்கள் அடுத்த அறுவடையில் ஒரு பாரை உடைத்து, வடிந்தபின் எடை போட்டுக் காட்டலாம்.