முதலில் சவர்க்காரம், பிறகுதான் குளோரின்



எங்கள் பாடசாலைக் கென்டீனில் கடந்த வாரம் நாங்கள் கண்ட ஒரு விடயத்தைச் சொல்கிறோம். ரோல்ஸுக்குக் கோழி வெட்டிய பலகையை ஒரு துணியால் துடைத்துவிட்டு, அதன்மேல் குளோரின் தண்ணீரைத் தெளித்தார்கள். அடுத்து அதே பலகையில் வெள்ளரிக்காய் வெட்டத் தொடங்கினார்கள். குளோரின் மணம் மூக்கைத் துளைத்தது. ஆனால் பலகையில் விரலை வைத்தால் வழுக்கியது.

இதில் அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. மணம் வந்தால் சுத்தம் என்று நினைக்கிறோம். குளோரினுக்குக் கிருமியும் கொழுப்பும் ஒன்றுதான். இறைச்சிச் சாறும் எண்ணெயும் இருந்தால் அவற்றோடு தாக்கம் புரிந்தே அதன் பலம் தீர்ந்துவிடும். கொழுப்புக்கு அடியில் உள்ள கிருமி தப்பிவிடும். கொழுப்பைக் கழற்றி எடுப்பது சவர்க்காரத்தின் வேலை. அதைக் குளோரின் செய்யாது.

ஆகவே ஒழுங்கு இதுதான். சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். விரல் வழுக்காமல், தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவினால் கொழுப்புப் போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகே குளோரின் தண்ணீர்.

அதைக் கலக்கும் அளவும் முக்கியம். 5 வீதம் என்று லேபலில் போட்டிருக்கும், வாசனை சேர்க்காத குளோரின் திரவத்தில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் எடுத்து, 2 லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் கலந்தால் போதும். லீற்றருக்கு சுமார் 125 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். 200ஐத் தாண்டினால் உணவு படும் இடத்தில் எச்சம் தங்கும். கண்மட்டத்தில் ஊற்றுவது அதனால்தான் ஆபத்து. மேசையும் பலகையும் முழுதாக நனைந்து ஒரு நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். பிறகு துடைக்காமல் காற்றில் காய விட வேண்டும். அழுக்குத் துணியால் துடைத்தால் கிருமி திரும்பி வந்துவிடும்.

கலந்த தண்ணீரை அன்றே பாவித்து முடியுங்கள். நாளைக்கு வைத்தால் பலம் குறையும். அதில் வினாகிரியோ, தேசிக்காயோ, கழிப்பறை அமிலமோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும். சவர்க்காரத்தோடும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

ஆழமாகக் கீறல் விழுந்த பலகையை எந்தக் கரைசலும் காப்பாற்றாது. கீறலுக்குள் சவர்க்காரமும் போகாது, குளோரினும் போகாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

கென்டீனுக்குக் குளோரின் போத்தல் வாங்கிக் கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள், நன்றி. எங்கள் கருத்து, அதற்கு முன் சவர்க்காரமும், தேய்க்கும் பிரஷும், கோழிக்கென்று தனியாக ஒரு பலகையும் வாங்குவோம். அளப்பதற்கு ஒரு தேக்கரண்டியைப் போத்தலிலேயே கட்டித் தொங்கவிடுவோம்.