√2-வும் விட்டுப்போன மூணு வரியும்

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு அக்கா பொண்ணுகிட்டேர்ந்து வாட்சப்பில் ஒரு போட்டோ. பத்தாவது படிக்கிறாள். அவள் லீவு போட்ட அன்றைக்கு டியூஷனில் நடத்தியதை தோழியின் நோட்டிலிருந்து எடுத்தது. கீழே ஒரு வரி: "மாமா, இதை அப்படியே மனப்பாடம் பண்ணேன். டெஸ்ட்ல √3 கேட்டுட்டாங்க. அஞ்சுக்கு முட்டை."

√2 ஒரு விகிதமுறா எண், அதாவது எந்த இரண்டு முழு எண்களின் பின்னமாகவும் அதை எழுத முடியாது என்பதற்கான நிரூபணம் அது. போட்டோவில் முதல் வரி இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல். மீதி இவ்வளவுதான்:

```
√2 = p/q
p² = 2q²
∴ p இரட்டை
p = 2k
4k² = 2q²
q² = 2k²
∴ q இரட்டை
முரண்பாடு. ∴ √2 விகிதமுறா எண்
```

நாம எல்லாரும் இப்படித்தான் எழுதி மார்க் வாங்கினோம். என் கட்சி என்னன்னா, இதில் எழுதியிருப்பது எல்லாம் வெறும் எலும்புக்கூடு. உயிர் இருப்பது எழுதாமல் விட்ட மூணு வரியில். அந்த மூணையும் விட்டுட்டு சொல்லிக்கொடுத்தால் பிள்ளை √3-ல் விழத்தான் செய்யும்.

போன் போட்டேன். "p² இரட்டைன்னா p ஏன் இரட்டை?"ன்னு கேட்டேன்.

"அது அப்படித்தான் மாமா."

"√3-க்கு என்ன எழுதின?"

"p² = 3q², அதனால p இரட்டை."

பாவம், அவள் தப்பா? "அப்படித்தான்" என்று கற்றுக்கொண்டதை அப்படியே எழுதியிருக்கிறாள். காரணம் என்னவோ ஒரே வரிதான். p ஒற்றைப்படை என்று வையுங்கள், p = 2m + 1. வர்க்கம் எடுத்தால் 4m² + 4m + 1. முதல் இரண்டு உறுப்பும் இரட்டை, கடைசியில் ஒரு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக ஒற்றையின் வர்க்கம் எப்போதும் ஒற்றை. வர்க்கம் இரட்டையாக வந்துவிட்டால் p ஒற்றையாக இருக்க வாய்ப்பே இல்லை. முடிஞ்சது.

இந்த ஒரு வரியை விட்டால் என்ன குடி முழுகிப்போச்சு என்று கேட்பவர்களுக்காக, அவளிடம் ஒரு வேலை கொடுத்தேன். அந்த போட்டோவில் 2 இருக்கிற இடத்திலெல்லாம் 4 போடச் சொன்னேன். "இரட்டை"க்கு பதில் "4-ஆல் வகுபடும்". எழுதிக்கொண்டே படித்தாள்: √4 = p/q. p² = 4q². அதனால் p நாலால் வகுபடும். p = 4k. 16k² = 4q². q² = 4k². அதனால் q-வும் நாலால் வகுபடும். முரண்பாடு. எனவே √4 விகிதமுறா எண்!

அரை நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "மாமா, √4 ரெண்டு தானே?"

அதேதான். போட்டோவில் இருந்த அதே வரிசை, அதே நடை, ஆனால் வந்த முடிவு பச்சைப் பொய். எங்கே உடைஞ்சது? "p² நாலால் வகுபட்டால் p-யும் நாலால் வகுபடும்" என்ற இடத்தில். 6-இன் வர்க்கம் 36. 36 நாலால் வகுபடும், 6 வகுபடாது. 2-க்கு உண்மையாக இருந்தது 4-க்கு உண்மையில்லை. 3-க்கு உண்மைதான், ஆனால் காரணம் இரட்டை ஒற்றை இல்லை. ஒரு எண் மூணால் வகுபடாவிட்டால் மீதி 1 அல்லது 2 வரும். இரண்டில் எதுவானாலும் வர்க்கத்தை மூணால் வகுக்க மீதி 1-தான் (4-க்கு மீதி 1, 5-இன் வர்க்கம் 25-க்கும் மீதி 1). அதனால் p² மூணால் வகுபட்டால் p-யும் வகுபட்டே ஆகணும். டெஸ்ட்டில் எழுத வேண்டியது இதுதான்.

அடுத்து, கட்டைவிரலுக்கு அடியில் இருந்த வரி. "p, q இரண்டுக்கும் 1-ஐத் தவிர பொதுக்காரணி கிடையாது." இது இல்லாவிட்டால் கடைசி வரி "முரண்பாடு" என்பதற்கு அர்த்தமே இல்லை. p-யும் இரட்டை, q-வும் இரட்டை, அதனால் என்ன? 6/4-இல் இரண்டும் இரட்டைதான். யாரோடு முரண்படுகிறது? முதல் வரியோடு. போட்டோவில் அந்த முதல் வரியையே காணோம்!

இதைச் சொன்னதும் அவள் கேட்டாள் பாருங்க ஒரு கேள்வி. "மாமா, நாம ரெண்டு விஷயத்தை வச்சுக்கிட்டோம். √2 ஒரு பின்னம்னு ஒண்ணு. பொதுக்காரணி இல்லைன்னு இன்னொண்ணு. முரண்பாடு வந்தா ரெண்டாவது தப்புன்னு ஏன் சொல்லக்கூடாது? முதலாவது மேல மட்டும் ஏன் பழி போடறோம்?"

பத்தாவதில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை :-) மூணாவது ஓட்டை இதுதான், நோட்டுக்காரர்கள் யாருமே அடைக்காதது. பதில்: இரண்டாவது தனி அனுமானமே கிடையாது, அது நாமாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. எந்தப் பின்னத்தையும் சுருக்கிக்கொண்டே போகலாம். 1000/600 என்றால் 500/300, 250/150, 125/75, கடைசியில் 5/3. முழு எண்கள் குறைந்துகொண்டே போகிறதால் எங்கேயாவது நின்றுதான் ஆகணும். ஆக √2 பின்னமாக இருந்தால், அதற்கு பொதுக்காரணி இல்லாத வடிவம் ஒன்று கட்டாயம் இருக்கும். நாம் கையில் எடுத்தது அந்த வடிவத்தை. அதிலும் மேலும் கீழும் இரண்டால் வகுபடுது என்று வந்தால், அப்படி ஒரு வடிவமே இல்லை. வடிவம் இல்லைன்னா பின்னமும் இல்லை. பழி போக வேறு இடமில்லை, முதல் அனுமானத்தின் தலையில்தான் விழும்.

"அப்போ கிட்டக்கூட வராதா?" என்றாள். கிட்ட வரும், ரொம்பவே வரும். p² = 2q² ஆகணும் இல்லையா? 7/5 எடுத்தால் 49, 50. 17/12 எடுத்தால் 289, 288. 99/70 எடுத்தால் 9801, 9800. சுல்ப சூத்திரங்களில் வரும் 577/408 எடுத்தால் 332929, 332928. ஒவ்வொரு தடவையும் சரியாக ஒன்றில் தவறுகிறது. எவ்வளவு பெரிய எண் எடுத்தாலும் அந்த ஒன்று போகாது என்று கால்குலேட்டர் சொல்லாது. மேலே இருக்கும் பத்து வரிதான் சொல்லும்.

டியூஷன் வாத்தியார்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது, அவங்களுக்கு போர்ஷன் முடிக்கணும். ஆனால் ஒன்று கேட்கிறேன். எட்டு வரி எழுத நேரம் இருக்கு, கூட மூணு வரி எழுத நேரமில்லையா? முரண்பாட்டு நிரூபணத்தில் எதை அனுமானித்தோம், எதோடு முட்டுகிறது, பழி ஏன் அங்கே போகுது, இந்த மூணும் இல்லாமல் "முரண்பாடு" என்று எழுதுவது, வழக்கே நடத்தாமல் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி.

மறுநாள் காலையில் இன்னொரு போட்டோ வந்தது. √3, அவள் கையெழுத்தில், பதினோரு வரி. முதல் வரி முழுசாகத் தெரிந்தது.

டிஸ்கி: உங்க வீட்டுப் பிள்ளைங்க நோட்டில் √2 இருந்தால், 2-ஐ 4 ஆக்கி எழுதச் சொல்லுங்க. எந்த வரியில் நிற்கிறாங்கன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. நிற்காமல் கடைசி வரைக்கும் போய்ட்டாங்கன்னா, அன்னைக்கு ராத்திரி உங்களுக்கு வேலை இருக்கு.