'சகல வேலைகளையும் முடித்துத் தருவேன்' என்று எழுதாதீர்கள்

2025 மே மாதம், தெமட்டகொடையில் ஒரு கம்பனியில் டேட்டா என்ட்ரி செய்யும் அக்கா ஒருத்தி தன்னுடைய ராஜினாமாக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இங்கிலீஷ் சரியா எண்டு பார்" என்றா. இங்கிலீஷில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது. 'எனது கடைசி நாளுக்கு முன் நிலுவையிலுள்ள சகல வேலைகளையும் முடித்து, எல்லாவற்றையும் சுத்தமாக ஒப்படைத்துவிட்டே செல்வேன்' என்பது அதன் பொருள்.

நீங்களும் இதே வரியை எழுதியிருப்பீர்கள். இணையத்தில் கிடைக்கிற மாதிரிக் கடிதம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பணிவாக, பொறுப்பாகத் தெரிகிற வரிதான். எனக்கு அதில் உள்ள 'சகல' என்ற சொல்லோடுதான் சண்டை.

அக்காவின் மேசையையே எடுத்துப் பாருங்கள். சப்ளையர்களின் இன்வொய்ஸ்களை சிஸ்டத்தில் ஏற்றுவதுதான் அவவின் வேலை. அன்றைக்கு 1,800 இன்வொய்ஸ் குவிந்து கிடந்தது. சரிபார்த்து ஏற்றினால் ஒரு நாளைக்கு 120 முடியும். ஆனால் ஒவ்வொரு நாளும் புதிதாக 100 வருகிறது. அப்படியென்றால் ஒரு நாளில் குவியல் குறைவது வெறும் 20. நோட்டீஸ் மாதத்தில் 24 வேலை நாள் என்றால் 480 குறையும், 1,320 மிச்சம் கிடக்கும். 'சகல'வும் முடிய 90 வேலை நாள் வேண்டும். ஒரு மாத நோட்டீஸில் மூன்றே முக்கால் மாத வேலையை வாக்குக் கொடுக்கிறா, அதுவும் கையெழுத்துப் போட்டு.

அந்த வாக்கைக் காப்பாற்ற என்ன செய்வோம்? இரவு வரை இருந்து அடிப்போம். ஓவர்டைம் கேட்க வெட்கமாக இருக்கும், நாங்கள்தானே முடித்துத் தருகிறோம் என்று சொன்னோம். சரிபார்க்கிற நேரத்தைத்தான் முதலில் வெட்டுவோம். அங்கேதான் பிழை நுழைகிறது. 4,560 என்பது 4,650 ஆகிறது. வேகமாக அடிக்கிற கைக்கு இரண்டு இலக்கம் இடம் மாறுவது சாதாரணம். கட்டில் உள்ள இன்வொய்ஸ்களின் கூட்டுத்தொகையையும் சிஸ்டம் காட்டுகிற தொகையையும் ஒப்பிட்டால் இது பிடிபடும். வித்தியாசம் 9ஆல் மிச்சமில்லாமல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இங்கே வித்தியாசம் 90. ஆனால் அவசரத்தில் யார் கூட்டிப் பார்க்கப் போகிறார்கள்? நீங்கள் போன பிறகு அந்தப் பிழை உங்கள் யூசர் பெயரோடு சிஸ்டத்தில் இருக்கும்.

"அப்ப வேலையை அப்படியே போட்டுட்டுப் போகச் சொல்லுறியா?" என்று அக்கா கேட்டா. இல்லை. சுத்தமாக ஒப்படைப்பது வேறு, எல்லாவற்றையும் முடிப்பது வேறு. ஒப்படைப்பு என்பது எது முடிந்தது, எது முடியவில்லை என்று அடுத்தவருக்குத் தெரியும்படி விட்டுப் போவது. அது முதலாளிக்குச் செய்கிற உபகாரம் என்பதைவிட, அந்தக் கதிரையில் நாளைக்கு வந்து இருக்கப் போகிற பிள்ளைக்குச் செய்கிற கடமை. ஒரு கட்டைப் பாதியில் விட்டுப் போனால், அந்தப் பிள்ளை முதலிலிருந்து அடிக்கும், ஒரே இன்வொய்ஸ் இரண்டு தரம் ஏறும், சில நேரம் இரண்டு தரம் காசும் போகும். பேச்சு வாங்கப் போவது அந்தப் பிள்ளைதான்.

அதனால் அக்கா ஒரு பட்டியல் போட்டா. கட்டு இலக்கம், அதில் எத்தனை இன்வொய்ஸ், முதல் இலக்கம், கடைசி இலக்கம், நிலைமை. நிலைமை என்ற இடத்தில் மூன்றே சொல்: ஏற்றிச் சரிபார்த்தது, ஏற்றியது மட்டும், தொடாதது. விலை தெளிவில்லாமல் சப்ளையரிடம் கேட்டுக் காத்திருக்கிறவை தனியாக, காரணத்தோடு. கடைசி நாளில் எந்தக் கட்டும் பாதியில் நிற்கக்கூடாது என்று, கடைசி இரண்டு நாளும் புதுக் கட்டு தொடவில்லை. பட்டியல் இரண்டு பிரதி, இரண்டிலும் இரண்டு பேருடைய கையெழுத்து. தன்னுடைய யூசர் ஐடியை அன்றைக்கே மூடச் சொல்லி ஒரு ஈமெயில். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கவில்லை.

இனி என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். அந்தக் கடிதத்தில் வாக்குக் கொடுப்பது ஒரு பக்கம் மட்டும்தான். கம்பனி எனக்கு என்ன ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அதைவிட மோசம், திகதி.

அக்கா வேலைக்குச் சேர்ந்தது 2020 ஜூன் 18. கடிதத்தில் கடைசி நாள் என்று போட்டிருந்தது 2025 மே 31. ஐந்து வருடம் நிரம்ப இரண்டரைக் கிழமை குறைவு! 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் பாதி கிடைக்க வேண்டும். அவவின் சம்பளம் 48,000. பாதி 24,000, ஐந்து வருடத்துக்கு 1,20,000 ரூபாய். மே 31 என்றால் பூச்சியம்.

"நானாத்தானே விடுறன், தருவினமோ?" என்பது அவவின் அடுத்த கேள்வி. எங்களில் பாதிப் பேர் இதை நம்பிக்கொண்டுதான் இருக்கிறோம். நீக்கினால்தான் பணிக்கொடை, தானாக விட்டால் இல்லை என்ற கதை பொய். ராஜினாமா செய்தவருக்கும் சட்டம் அதைக் கொடுக்கிறது, 30 நாளுக்குள் கட்டச் சொல்கிறது. பிந்தினால் மேலதிகக் கட்டணமும் உண்டு. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்று சேதம் செய்தல், சொத்தை இழக்கச் செய்தல் போன்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டால், அந்த நட்டத்தின் அளவுக்கு வெட்டலாம். ஏற்றாமல் கிடக்கிற 1,320 இன்வொய்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. 'வேலையை முடிச்சால்தான் காசு' என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

கடைசி நாள் ஜூன் 30 ஆனது. ஈபிஎஃப்பையும் பார்க்கச் சொன்னேன். சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள், கம்பனி 12 வீதம் போட வேண்டும், ஈடிஎஃப்புக்குத் தனியாக 3 வீதம். பேஸ்லிப்பில் வெட்டியிருப்பது கணக்கில் ஏறியிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை. உள்ளே இருக்கும்போதே கணக்கைப் பாருங்கள். விடுபட்ட மாதம் இருந்தால் நாரஹேன்பிட்டி மெஹெவர பியசவில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். தெமட்டகொடையிலிருந்து பேஸ்லைன் வீதியால் போகிற தூரம்தான்.

மாற்றி எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

'எனது கடைசி வேலை நாள் 2025 ஜூன் 30. அதுவரை வழமையான வேலை நேரத்தில் எனது வேலையைத் தொடர்வேன். அன்று முடிந்தவை, முடியாதவை அடங்கிய பட்டியலைக் கையெழுத்துடன் ஒப்படைப்பேன். எனது பணிக்கொடை, ஜூன் மாதச் சம்பளம், சேவைச் சான்றிதழ் ஆகியவற்றை எனக்குத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனாலும் அக்கா அனுப்ப முதல் மூன்று தரம் கேட்டா, "கடைசி வரி கொஞ்சம் ஓவரோ?" என்று. ஐந்து வருடம் உழைத்த காசைக் கேட்பது ஓவராகத் தெரிகிறது, மூன்றே முக்கால் மாத வேலையை ஒரு மாதத்தில் முடிப்பேன் என்று எழுதுவது ஓவராகத் தெரியவில்லை. அப்படி எங்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை அனுப்ப முதல், நியமனக் கடிதத்தை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள்: நோட்டீஸ் எத்தனை நாள், சேர்ந்த திகதி எது. பிறகு 'சகல' என்ற சொல்லை வெட்டுங்கள்.