காலைச் சர்க்கரையும் கலைந்த தூக்கமும்

காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியிருந்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதே. மருத்துவரின் அறையிலும் பெரும்பாலும் அதுவே கேட்கப்படுகிறது. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் கூடவே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கேட்காமல் விட்டால், செய்யாத தவறுக்கு நோயாளி ஏச்சு வாங்குகிறார். சில வேளைகளில் தேவைக்கு மேல் மாத்திரையும் பெறுகிறார்.

கூடங்குளத்தை ஒட்டிய கடற்கரை ஊர் ஒன்றில் வாழும் ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கணவரும் மகனும் கடலுக்குப் போகும் நாட்களில் அவர் இரண்டு மணிக்கு எழுந்து தேநீரும் சோறும் கட்டிக் கொடுப்பார். அவர்கள் போன பின்பு படுத்தாலும் காற்றின் ஓசையைக் கேட்டுக்கொண்டே கிடப்பார். இரவு பத்து மணிக்கு அவருடைய அளவு 136. இரண்டு மணிக்கு 131. காலை ஆறு மணிக்கு 166. இடையில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் அருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் உள்ள ஊர் ஆதலால், சனி இரவு ஏழு மணி நேரம் தூங்குகிறார். உண்பது அதே சோறும் மீன் குழம்பும்தான். படுக்கும்போது அளவு 138. ஞாயிறு காலையில் 133.

உண்ணாத வயிற்றில் அந்த முப்பத்தைந்து புள்ளிகள் எங்கிருந்து வந்தன? கல்லீரலிலிருந்து. நாம் உண்ணாதிருக்கும் நேரத்தில் மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல்தான் தன் இருப்பிலிருந்து சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. விடியலை நெருங்கும்போது கார்டிசால் என்னும் ஹார்மோன் இயல்பாகவே உயர்ந்து, உடலை எழுச்சிக்கு ஆயத்தப்படுத்தும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு அதற்கு ஈடாக இன்சுலின் சுரந்துவிடும். நோயாளிக்கு அது போதாது. இதோடு உறக்கம் கலைந்து மனமும் பதறினால் அட்ரினலினும் சேர்ந்துகொள்கிறது. அது கல்லீரலின் கதவை மேலும் திறந்துவிடுகிறது. கார்டிசால் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகிறது. உடலைப் பொறுத்தவரை கவலையும் ஓர் ஆபத்தே. ஓடித் தப்புவதற்கான எரிபொருளை அது தருகிறது, நாமோ பாயில் படுத்திருக்கிறோம்.

இது வெறும் ஊகம் அன்று. 1999ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தினர் நலமான இளைஞர்கள் 11 பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுச் சோதித்தார்கள். இரத்தத்திலிருந்து சர்க்கரை அகலும் வேகம் தெளிவாகக் குறைந்தது. மாலைநேரக் கார்டிசாலும் உயர்ந்திருந்தது. நோயே இல்லாத இளைஞர்களுக்கே இந்நிலை.

இனி நான் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்மணியின் வாரநாள் அளவுகளை மட்டும் பார்த்து, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறன்று நன்றாகத் தூங்கி எழுகிறார்; வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலை உணவைத் தள்ளிவைத்துவிட்டுப் பூசைக்குப் போகிறார். கோயிலில் வியர்வை, கைநடுக்கம், கண் இருளல். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிட்டது. தூக்கமில்லாத நாட்களுக்காகக் கூட்டிய மருந்து, தூங்கிய நாளில் அவரை வீழ்த்துகிறது.

ஆகவே அளவு எழுதும் குறிப்பேட்டில் இன்னொரு கட்டம் போடுங்கள்: எத்தனை மணி நேரத் தூக்கம், எத்தனை முறை விழிப்பு. இரண்டு வாரம் எழுதினால் போதும். படுக்கும்போதே 200 இருந்தால் தூக்கத்தின்மேல் பழி போட வேண்டாம். இரவு உணவையும் மருந்தையும்தான் பார்க்க வேண்டும். படுக்கையில் சரியாக இருந்து, இரவு இரண்டு மூன்று மணிக்கும் சரியாக இருந்து, காலையில் மட்டும் ஏறினால் அது விடியல்நேர ஏற்றம். நடு இரவில் 70க்குக் கீழே இருந்தால் உடனே ஏதேனும் இனிப்பு உட்கொண்டு, அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நடு இரவுச் சோதனையை இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் செய்ய வேண்டாம். அதற்காக எழுவதே தூக்கத்தைக் கெடுக்கும். குளுக்கோமீட்டரில் 133க்கும் 140க்கும் வேறுபாடு காண வேண்டியதில்லை. கருவியின் பிழை அதைவிடப் பெரிது. அணுமின் நிலையத்தில் இரவுப் பணி பார்ப்பவர்கள், மூன்று மணிக்குச் சர்க்கரை போட்ட தேநீர் குடித்துவிட்டு ஆறு மணிக்கு எடுக்கும் அளவு வெறும் வயிற்று அளவே ஆகாது என்பதை நினைவில் கொள்ளவும்.

குறிப்பேட்டைக் காட்டாமல் நீங்களாக மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கூட இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனித்து எழுதலாம்: நோயாளி உரத்த குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி விழிக்கிறாரா? அப்படியானால் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர் தூங்கவில்லை என்றே பொருள். இது அவருக்கே தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும்.