0.1 எண்டு காட்டுறதெல்லாம் 0.1 இல்லை

எஸ்பிரெசோ போடுற ஆக்கள் தராசு வாங்கும்போது முதலில் பார்ப்பது திரையில் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் இருக்கா எண்டுதான். அது தராசு எத்தனை இலக்கம் எழுதும் என்பதை மட்டுமே சொல்லும். எழுதுவது உண்மையா என்பது வேறு கதை.

நான் ஏமாந்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். வெறும் கோப்பையை வைத்து, TARE பட்டனை அமத்தி, திரை 0.0 ஆனதும் கோப்பிக்கொட்டையை ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தேன். ஒரு கொட்டை ஏறக்குறைய 0.1 கிராமுக்கு மேல். நாலு கொட்டை விழுந்தும் திரை 0.0 இலேயே நின்றது! பழுதில்லை. மலிவான தராசுகள் பூச்சியத்துக்குப் பக்கத்தில் மெதுவாக நடக்கும் மாற்றத்தை வெப்பத்தால் வந்த நகர்வு எண்டு நினைச்சு விழுங்கிவிடும். அதே நாலையும் ஒரேயடியாய்ப் போட்டால் 0.5 எண்டு காட்டும்.

விழுங்கினதைப் பிடிக்க வழி இருக்கு. என் கோப்பை 120.0 கிராம். பூச்சியமாக்கிய பிறகு அதைத் தூக்கினால் திரையில் −120.0 வரவேணும். ஒருநாள் 18.0 வரை நிரப்பிவிட்டுத் தூக்கினேன், −120.4 எண்டு வந்தது. அப்ப உள்ளே இருந்தது 18.4. அதிலிருந்து ஒரு கை கொட்டையை முதலில் கொட்டிவிட்டுத்தான் கடைசிச் சில கொட்டைகளை ஒவ்வொன்றாய்ச் சேர்க்கிறேன்.

துல்லியத்தைப் பற்றி ஆக்கள் தேவைக்கு மேல கவலைப்படுகினம் என்பது என் எண்ணம். தராசு எல்லாவற்றையும் 2 சதவீதம் கூட்டிக் காட்டினாலும் தூளும் கோப்பியும் அதே தராசில் நிறுக்கப்படுவதால் 18க்கு 36 என்ற விகிதம் மாறாது. முக்கியம், நேற்று காட்டியதையே இன்றும் காட்டுதா என்பது. ஒரு நாணயத்தைப் பத்துத்தரம் தூக்கித் தூக்கி வையுங்கோ, நடுவிலும் ஓரத்திலும். இலக்கம் 0.1க்கு மேல ஆடினால் அந்தத் தராசு தூள் நிறுக்க உதவாது.

ஆனால் கோப்பை பக்கத்தில வேகம்தான் பெரிய வில்லன். 30 வினாடியில் 36 கிராம் வருகிறது, முதல் துளி விழ 8 வினாடி போகிறது எண்டு வையுங்கோ. மிச்ச 22 வினாடியில் சராசரியாய் வினாடிக்கு 1.6 கிராம். திரை ஒரு வினாடி பிந்தினால், 36 எண்டு பார்த்து நிறுத்தும்போது கோப்பையில் ஏறக்குறைய 37.6 இருக்கும். தூளில் 0.1 கிராமுக்காகக் கொட்டை பொறுக்கினதெல்லாம் இதுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

எவ்வளவு பிந்துதெண்டு அறிய, தராசில வைச்ச குவளைக்குள்ள தண்ணியை ஊற்றிச் சட்டென்று நிறுத்தி, அதைப் போனில் வீடியோ எடுங்கோ. தண்ணி நின்ற பிறகும் இலக்கம் எவ்வளவு நேரம் ஏறுதெண்டு வீடியோவில் எண்ணலாம். என்னுடையது ஒரு வினாடிக்குக் கொஞ்சம் கூட. நான் இப்ப 34 இலேயே நிறுத்துகிறேன்.